ஒன்றும் மூன்றும் நான்கு அல்ல

ஊரில் பழைய வீடு வைத்துக்கொண்டு, போபாலிலும் புனேயிலும் தில்லியிலும் உட்கார்ந்து போனிலேயே ரிப்பேர் பார்க்கும் நம்மைப் போன்றவர்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கொத்தனார் போன் பண்ணியதும் நாம் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறோம். "நல்லா ஸ்ட்ராங்கா சிமெண்ட் போட்டு முடிச்சிடுங்க." பழைய செங்கல் சுவரை இதைவிடச் சீக்கிரம் கொல்ல வழி கிடையாது.

காரணம் எளிது. நூறு வருஷத்துச் சூளைச் செங்கல் மென்மையானது. தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையாக இருப்பதால், ஈரமும் உப்பும் செங்கற்களுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாக வெளியேறும். சேதம் வந்தால் சாந்துக்கு வரும். சாந்தை மறுபடி பூசிக்கொள்ளலாம். சந்தைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். உப்பு செங்கலின் முகத்தில் படிந்து, அதைச் செதில் செதிலாக உரிக்கும். எங்கேயாவது செங்கல் உள்வாங்கி, சிமெண்ட் கோடுகள் மட்டும் வரப்பு மாதிரி நிற்பதைப் பார்த்திருந்தால், இதைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுப் பின்சுவர். 2022 தை மாதம் சுண்ணாம்பில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அளவை நானே போட்டேன். தினமும் கடன் மனுக்களில் எஸ்டிமேட் பார்க்கிறவன், பி.காம். வேறு. கணக்கில் என்ன தப்பு வந்துவிடும் என்ற தைரியம்.

சுவர் 20 அடி நீளம். தரையிலிருந்து 4 அடி உயரம் வரைதான் சாந்து உதிர்ந்திருந்தது. ஆக 80 சதுர அடி. சின்னச் செங்கல், முகம் 6 அங்குல நீளம், ஒன்றரை அங்குல உயரம். சந்து அரை அங்குலம். சந்தையும் சேர்த்தால் ஒரு செங்கல் பிடிக்கும் இடம் ஆறரைக்கு இரண்டு, அதாவது 13 சதுர அங்குலம். அதில் செங்கல் 9, சாந்து 4. எனவே சுவர் முகத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் சாந்து. 80 சதுர அடியில் 24 சதுர அடி.

சந்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது ஆழம் சுரண்ட வேண்டும். அரை அங்குலச் சந்துக்கு ஒரு அங்குலம். 24 சதுர அடியை 12-ஆல் வகுத்தால் 2 கன அடி. கீழே சிந்துவதற்கும் ஆழமான ஓட்டைகளுக்கும் கொஞ்சம் கூட்டினால் இரண்டரை கன அடி. இதுவரை எல்லாம் சரி.

விழுது ஒன்றுக்கு மணல் மூன்று என்ற விகிதமும் சரிதான். இரண்டரை கன அடியை நான்கு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு விழுது, மூன்று பங்கு மணல் என்று எழுதி அனுப்பினேன். விழுந்தது அங்கேதான்.

மணல் மணிகளுக்கு நடுவே காலி இடம் இருக்கிறது. சுண்ணாம்பு விழுது போய் உட்காருவது அந்தக் காலி இடத்தில். ஒரு படி விழுதும் மூன்று படி மணலும் சேர்ந்தால் நான்கு படி சாந்து வராது, மூன்று படிதான் வரும். எனக்குக் கால்வாசி குறைந்தது. 15 அடி நீளம் முடிந்ததும் சாந்து தீர்ந்துவிட்டது. சித்தப்பா போன் செய்தார். "டேய், கொத்தனாருக்கு நாளைக்கு வேற வேலை இருக்காம். மிச்சத்துக்குக் கொஞ்சம் சிமெண்ட் வெச்சிக்கலாமான்னு கேக்குறார்." ஆடிட் நேரம். "சரி சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன்.

2024 பொங்கலுக்குப் போனபோது அந்தச் சுவர் எனக்காகக் காத்திருந்தது. 15 அடி அப்படியே இருந்தது. கடைசி 5 அடியில் கையால் தடவினால் செங்கல் பொடி கொட்டியது. ஒரே சுவர், ஒரே மழை, ஒரே செங்கல்.

ஆகவே கணக்கு இப்படி: எவ்வளவு சாந்து வேண்டுமோ அவ்வளவு மணல் வாங்குங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு விழுது. என் சுவருக்கு இரண்டரை கன அடி, அதாவது சுமார் 70 லிட்டர் மணலும் 24 லிட்டர் விழுதும் வேண்டியிருந்தது. நல்ல சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ நீற்றினால் ஏறக்குறைய 2 லிட்டர் கெட்டி விழுது தரும். எனவே 12 கிலோ. கழிவுக்குச் சேர்த்து 15 வாங்கலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. நீற்றி, சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம் ஊற வையுங்கள், மூன்று மாதம் என்றால் உத்தமம். நீறாத கட்டி உள்ளே போனால் பிறகு சுவரில் வெடித்துக் கிளம்பும்.

"மூன்று" என்பதும் வேதவாக்கு இல்லை. உங்கள் மணலைக் கேளுங்கள். நன்றாகக் காய்ந்த மணலை 10 லிட்டர் பக்கெட்டில் விளிம்புவரை நிரப்பி, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். மேல்மட்டத்துக்குத் தண்ணீர் வரும்போது மூன்றேகால் லிட்டர் போயிருந்தால் ஒன்றுக்கு மூன்று சரி. 4 லிட்டர் குடித்தால் காலி இடம் அதிகம். ஒன்றுக்கு இரண்டரைதான் தாங்கும். ஈர மணலில் இந்தச் சோதனை செய்யாதீர்கள். ஈர மணல் உப்பி, அளவை ஏமாற்றும். விழுது கூடினால் சாந்து காயும்போது மயிரிழை விரிசல் விடும். குறைந்தால் விரலால் தேய்த்தாலே உதிரும்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "கடுக்காயும் வெல்லமும் போட்டால் போதும், ஆயிரம் வருஷம் நிற்கும்" என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள். கடுக்காய்த் தண்ணீர் நம் கொத்தனார்கள் காலங்காலமாகச் சேர்ப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் மணல் அளவு தப்பினால் கடுக்காய் காப்பாற்றாது. அந்த ஃபார்வர்டில் ஒரு படிக் கணக்காவது இருக்கிறதா, பாருங்கள். அடிச்சுவர் எப்போதும் ஈரமாக இருந்தால், மூன்று பங்கு மணலில் ஒரு பங்கை, அதிகம் வேகாத செங்கலை இடித்த பொடியாக மாற்றுங்கள். ஈரத்திலும் இறுகும்.

போனில் சொல்லும்போது ஒரு ஜாக்கிரதை. "புட்டி" என்று சொல்லாதீர்கள். பெயிண்ட் கடை வால் புட்டி மூட்டை வந்து இறங்கும். "நீற்றிய சுண்ணாம்பு விழுது" என்று முழுசாகச் சொல்லுங்கள். பூசியபின் ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கட்டும்; வெயிலில் சட்டென்று காய்ந்தால் சாந்து பொடியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

சுவர் சாய்ந்திருந்தால் இதெல்லாம் உதவாது, எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். சாந்து மட்டும்தான் உதிர்கிறது என்றால், அடுத்த முறை கொத்தனார் போன் செய்யும்போது "ஸ்ட்ராங்கா" என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு, "மணல் எத்தனை படி, விழுது எத்தனை படி?" என்று கேளுங்கள். இந்தத் தை மாதம் அந்த 5 அடியையும் சுரண்டப் போகிறேன். சிமெண்ட் லேசில் வராது, அதோடு செங்கலும் பெயர்ந்து வரும். கால் பங்கு சாந்தை மிச்சம் பிடித்ததற்கு நான் கட்டும் வட்டி அது.