தோசைக்கல்லில் டிக்கா

கிராஞ்சியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் ஓவன் கிடையாது. இருப்பது ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் இரண்டு சட்டிகளும்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாத எட்டுப் பேர் அவர் வீட்டில் சாப்பிட வருகிறார்கள். அவர்களில் இருவர் சைவம். கோழியிலும் பனீரிலும் டிக்கா செய்ய ஆசை. ஆனால் ஒவ்வொரு முறையும் சட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டு, கடைசியில் குழம்பு மாதிரி ஆகிவிடுகிறதாம். தண்ணீர் வற்றும்வரை விட்டால் கோழி நார் நாராகிவிடுகிறதாம். ‘கருகலும் வேண்டும், சாறும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்குமா?’ என்பது அவர் கேள்வி.

கிடைக்கும். அதற்குத் தந்தூரி அடுப்பில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தந்தூரின் உள்ளே வெப்பம் 400 டிகிரியைத் தாண்டும். கம்பியில் தொங்கும் கறியிலிருந்து வடியும் நீர் கீழே கரியில் விழுந்து போய்விடும். மேல்புறம் உடனே காய்ந்து கருகத் தொடங்கும். உள்ளே வறள்வதற்குள் கறியை வெளியே எடுத்துவிடுவார்கள். நம் சட்டியிலோ வடிந்த நீர் போக வழியில்லை. நீர் இருக்கும்வரை அந்த இடத்தின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து கருக அதைவிட நல்ல சூடு வேண்டும். ஆக, சட்டி டிக்காவின் கதை முழுவதும் தண்ணீரின் கதைதான். மசாலாவில், கறியில், சட்டியில் என்று மூன்று இடங்களில் அதை அடக்க வேண்டும்.

முதலில் தயிர். கடையில் வாங்கும் 200 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். ஏறக்குறைய பாதி, தண்ணீராகக் கீழே இறங்கியிருக்கும். துணியில் இருப்பது கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் இருக்க வேண்டும். சட்டியில் குழம்பாக மாறுவதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீருடையதுதான்.

அடுத்து கோழி. நெஞ்சுக்கறியை விடுத்துத் தொடைக்கறி வாங்குங்கள். கொழுப்பு சற்று அதிகம் என்பதால் ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் அது வறளாது. கிராஞ்சியில் ரயில் ஏறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. தேக்கா ஈரச்சந்தையில் சொன்னால் எலும்பு நீக்கித் தருவார்கள். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால் ஒரு குளிர்ப்பையும் கொண்டு போங்கள். கறியை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, தடித்த இடங்களைக் கத்தியால் கீறித் தட்டையாக்குங்கள். கனம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் போதும். சட்டியைத் தொடும் இடம் மட்டும்தான் கருகும். அதனால்தான் இங்கே குச்சியில் குத்த வேண்டாம் என்கிறேன். குச்சி கறியைச் சட்டியிலிருந்து தூக்கி நிறுத்திவிடும்.

மசாலாவை இரண்டு தடவையாகப் போட வேண்டும். அரை கிலோ கறிக்கு முதலில் உப்பு ஒரு மட்டத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி சேர்த்துப் பிசறி, குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கினால்தான், சூடு படும்போது கறி தன் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றின் அளவைக் கூட்ட வேண்டாம். புளிப்பு அதிகமாகி நெடுநேரம் ஊறினால் மேல்புறம் மாவு மாதிரி குழைந்துவிடும். அரை மணி நேரத்துக்குப் பின் அடியில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது மசாலா: கட்டித் தயிர் நான்கு மேசைக்கரண்டி, வெறும் சட்டியில் வாசம் வர வறுத்த கடலை மாவு ஒரு மேசைக்கரண்டி, காஷ்மீர் மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, கரம் மசாலா அரைத் தேக்கரண்டி, கையால் கசக்கிய கசூரி மேத்தி ஒரு தேக்கரண்டி, கடுகெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மிச்சம் இருக்கும் கொஞ்ச நீரைக் கடலை மாவு இழுத்துக்கொள்ளும். மசாலாவையும் கறியோடு ஒட்ட வைக்கும். சர்க்கரையோ தேனோ சேர்க்காதீர்கள். கறி வேகும் முன்பே அவை கருகிக் கசந்துவிடும். குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, குளிர்பதனப் பெட்டியில் ஊறட்டும்.

இனி சட்டி. ஒட்டாத பூச்சுள்ள சட்டி இதற்கு ஏற்றதல்ல. இந்தச் சமையலுக்கு வேண்டிய அளவு வெறும் சட்டியைக் காய வைத்தால் பூச்சு கெடும். நம் வீட்டு இரும்புத் தோசைக்கல்தான் சரியான கருவி. கனமான இரும்பு சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும், குளிர்ந்த கறியை வைத்தாலும் சட்டென்று ஆறிவிடாது. அடிப்பாகம் தட்டையாக இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வேலை செய்யும். ஆனால் தினமும் தோசை வார்க்கும் கல்லை இதற்கு எடுக்காதீர்கள். தயிரின் புளிப்பு கல்லின் பழக்கத்தைக் கெடுத்துவிடும், மறுநாள் தோசை எழும்பாது. கறிக்கென்று தனியாக ஒரு கல் இருப்பது நல்லது.

கல்லை நடுத்தரச் சூட்டில் ஐந்தாறு நிமிடம் மெதுவாகக் காய வையுங்கள். இண்டக்‌ஷனில் எடுத்த எடுப்பிலேயே முழுச் சூடு வைத்தால் கல் வளையலாம், வெடிக்கவும் கூடும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ‘சுர்’ என்று உடனே ஆவியானால் அது தோசைச் சூடு. துளிகள் முத்து மாதிரி உருண்டு ஓடினால் அதுதான் டிக்கா சூடு. அப்போது எண்ணெயை மெல்லத் தடவுங்கள்.

கறியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து கால் மணி நேரம் முன்னால் எடுத்தால் போதும். நம்மூர் வெக்கையில் அதற்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். அதிகமாக ஒட்டியிருக்கும் மசாலாவை வழித்துவிட்டு, ஒரு தடவைக்கு ஐந்தாறு துண்டுகள் மட்டும் வையுங்கள். கல்லில் பாதி இடம் காலியாக இருக்க வேண்டும். நீராவி தப்பிக்க அந்த இடம்தான் வழி. மூடி போடாதீர்கள். மூன்று நிமிடம் தொடவே வேண்டாம். இந்த நேரத்தில் காது உதவும். ‘சடசட’ என்று பொரியும் சத்தம் வந்தால் சரி. ‘களகள’ என்று கொதிக்கும் சத்தம் வந்தால் தண்ணீர் தேங்குகிறது. அப்படியானால் காத்திருக்காமல் துண்டுகளைத் தட்டில் எடுத்து, நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கல்லைத் துடைத்து, மறுபடி காய வைத்துத் துண்டுகளைப் போடுங்கள்.

கருகிய துண்டு கல்லிலிருந்து தானாக விடும். இழுத்துப் பார்த்து ஒட்டினால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். திருப்பி இரண்டு நிமிடம், பிறகு சூட்டைக் குறைத்து ஓரங்களைச் சாய்த்து இரண்டு நிமிடம். சமையல் வெப்பமானி இருந்தால் தடித்த துண்டின் நடுவில் 75 டிகிரி தாண்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது, சாறு தெளிவாக வடிய வேண்டும். எடுத்தவுடன் வெட்டாமல் மூன்று நான்கு நிமிடம் ஆற விடுங்கள். அடுத்த தொகுதிக்கு முன் கல்லில் ஒட்டிய மசாலாவைச் சுரண்டித் துடைத்தே ஆக வேண்டும். துண்டில் அங்கங்கே கரும்புள்ளி இருந்தால் ருசி. பழைய மசாலா கரியாகி ஒட்டினால் வெறும் கசப்பு.

பனீரின் கணக்கு வேறு. அதை வேக வைக்க எதுவுமில்லை. உருகவும் செய்யாது. நேரம் கூடினால் ரப்பராகும், அவ்வளவுதான். அதனால் பனீருக்கு வேண்டியது அதிகச் சூடும் குறைந்த நேரமும். உறைந்த பனீர் என்றால் உறைநிலை போன பின், உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊற வைத்து, மேல்புறத்தை நன்றாகத் துடையுங்கள். சிறு சதுரங்களாக வெட்டாமல் இரண்டு சென்டிமீட்டர் கனப் பலகைகளாக வையுங்கள். திருப்ப எளிது, உடையாது. அதே இரண்டாவது மசாலாவில் உப்பு அரைத் தேக்கரண்டி சேர்த்து அரை மணி நேரம் பூசி வைத்தால் போதும். நல்ல சூட்டில் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம், பிறகு துண்டு போடுங்கள். குடைமிளகாய், வெங்காயத்தைச் சேர்த்துப் போடாமல் தனியாகச் சுடுங்கள். அவை நீர் விடும்.

சைவ விருந்தினர் வரும் வீட்டில் வரிசையும் முக்கியம். தனிச் சட்டி இருந்தால் மிக நல்லது. இருப்பது ஒரே கல் என்றால், அது புதிதாக வாங்கியதாக இருக்கட்டும். முதலில் பனீர், காய்கள், அதன் பிறகே கோழி. மசாலாவையும் கோழியில் போடும் முன்பே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இடுக்கியும் தூரிகையும் தனித்தனியாக இருக்கட்டும்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 ஜூன் முதல் சிங்கப்பூரின் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். கடுகெண்ணெய் காய்ந்த கல்லில் பட்டால் புகையும். சமையலறைச் சன்னலைத் திறந்து, கூடத்துப் பக்கக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தந்தூரின் புகை மணம் மட்டும் கல்லில் வராது. கொழுப்பு கரியில் சொட்டி எழும்பும் மணம் அது. அதற்காக அடுக்குமாடி வீட்டுக்குள் கரி மூட்ட வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாத நஞ்சு. கசூரி மேத்தியும் கடுகெண்ணெயும் பாதித் தூரம் கொண்டு சேர்க்கும்.

எட்டுப் பேருக்கு ஒன்றரை கிலோ கோழி, அரை கிலோ பனீர் என்று வைத்துக்கொண்டால் முதல் மசாலாவை மூன்று மடங்காகவும் இரண்டாவதை நான்கு மடங்காகவும் ஆக்குங்கள். சுடுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஊற வைப்பதை முந்தின நாளே முடித்துவிட்டு, பனீரை மட்டும் அன்று பூசினால் போதும். கோழி ஊறிய பாத்திரத்தில் மிஞ்சும் மசாலாவைச் சட்னியில் கலக்காதீர்கள். வெங்காயம், தக்காளியோடு நன்றாகக் கொதிக்க வைத்தால் மறுநாள் சப்பாத்திக்குக் குழம்பாகும். இம்முறை அது நீங்களே விரும்பி வைத்த குழம்பு!