இயந்திரம் காட்டும் முகம்

காமிராவில் பதிந்த முகத்தைத் தன்னிடமுள்ள புகைப்படங்களோடு கம்ப்யூட்டர் ஒப்பிட்டு ஒருவரைக் காட்டும்போது, "இவர்தான்" என்று அது சொல்வதில்லை. எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற எண்ணையே தருகிறது. 80 சதவீதத்துக்கு மேல் ஒத்திருந்தால் பொருத்தமெனக் கொள்வதாக டில்லி போலீசார், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கப்பட்ட கேள்விக்கு 2022-இல் பதிலளித்தனர். குற்றவாளியாக இருக்க நூற்றுக்கு எண்பது வாய்ப்பு உண்டு என்பதல்ல இதன் பொருள். படம் மங்கலானால் வேற்றாள் முகமும் அந்த எண்ணை எட்டக்கூடும்.

கரோல்பாக்கில் மாலை 6 மணிக்கு நடந்த திருட்டுக்காக, அந்நேரம் ஓக்லாவில் பணியிலிருந்த தமிழ்க் குமாஸ்தா ஒருவருக்குப் போலீஸ் நோட்டீஸ் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அவர் போகாமல் இருக்கலாகாது. அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். மறுப்பை எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை பெற வேண்டும். எந்தப் படத்தோடு ஒப்பிட்டார்கள், எண் எவ்வளவு, முகம் தவிர வேறு என்ன சாட்சியம் என்று அதில் கேட்கலாம்.

எண்ணோடு வாதாடுவதைவிட, தாம் அங்கே இல்லை என்று காட்டுவதே வலுவானது. ஆபீஸ் வருகைப் பதிவு, மெட்ரோ கார்டுக் கணக்கு, செல்போன் டவர் பதிவு ஆகியவை இதற்கு உதவும். காமிராப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்து புதிய பதிவு ஏறிவிடும். ஆகவே ஆபீஸ் வாசல் காமிராவின் பதிவைக் காப்பாற்றி வைக்கும்படி முதல் நாளே நிர்வாகத்துக்கும் போலீசாருக்கும் எழுதிவிட வேண்டும். போலீசார் அசட்டை செய்தால், அதை வரவழைக்கும்படி கோர்ட்டை வேண்டலாம்.

கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஹிந்தி படிக்கத் தெரியாத நம்மவர் தமிழில் கேட்பது சலுகையல்ல. முகப் பொருத்தம் தவிர வேறு ஆதாரம் இல்லை என்பதை வக்கீல் ஜாமீன் மனுவிலேயே எடுத்துரைக்க வேண்டும்.

விடுதலையோடு விஷயம் முடிவதில்லை. கைதின்போது எடுத்த படமும் கைரேகையும் 75 ஆண்டுகள் வரை இருக்கலாம் என்கிறது 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம். முன்பு தண்டனை பெறாதவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ, விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடுகள் முடிந்த பின் அவற்றை அழிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. கோர்ட் காரணம் எழுதி மறுத்தால்தான் விலக்கு. தீர்ப்பு நகலோடு, இதற்கென அரசு நியமித்த பொறுப்பு அதிகாரிக்கு மனுச் செய்ய வேண்டும். அந்தப் படம் நீங்காதவரை, இயந்திரம் நாளையும் அதே முகத்தைக் காட்டக்கூடும்.