நெய் சொல்லும் பதம்

பாலக்காடு கல்பாத்தியில் ஒரு கல்யாண தேகண்டத்தில் கோதுமை அல்வா கிண்டப் பழகிய பையன், உருளியின் ஓரத்தில் நெய் மினுங்கியதும் இறக்கப் போனான். "இது நீ விட்ட நெய்டா, அல்வா விட்டதில்லை" என்றார் பெரியவர். வித்தை முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. வேகும் கோதுமைப்பால், கரண்டி கரண்டியாக விடும் நெய்யைக் குடித்துக்கொண்டே இருக்கும். மாவு நன்றாக வெந்து நீர் வற்றிய பிறகே அதைத் திருப்பிக் கக்கும். அப்போது அல்வா கண்ணாடிபோல் பளபளத்து, ஒரே திரளாகச் சுருண்டு வரும். தொட்டால் விரலில் ஒட்டாது. முன்னதாக இறக்கினால் பச்சை மாவு வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அடுப்பின் சூடும் பாலின் அடர்த்தியும் வீட்டுக்கு வீடு மாறும்போது, '40 நிமிடம் கிளறவும்' என்ற சமையல் குறிப்பால் என்ன பயன்? அடையாளங்களை எழுதுங்கள்.