பேரை மாத்தினா மறுபடி எட்டு மணி நேரமா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, புத்தி கெட்டுப்போய் வீட்டு ஃபோட்டோ ஃபோல்டரை ஒழுங்கு பண்ண உட்கார்ந்தேன். "புதுசு"ன்னு பேர் வெச்சிருந்த ஃபோல்டரை "2019-கல்யாணம்"னு மாத்தினேன். அவ்வளவுதான். உள்ளே ஒரு படத்தையும் தொடலை. ராத்திரி வழக்கமான சிங்க் ஓடுச்சு. காலைல பார்த்தா இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. 18 ஜிபி, எங்க வீட்டு 5 எம்பிபிஎஸ் அப்லோட்ல... கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா எட்டு மணி நேரம்!

நான் பாவிக்கறது rclone. அதைத் திட்டி பிரயோஜனம் இல்லை. நேத்து என்ன இருந்துச்சுன்னு அது குறிப்பு எதுவும் வெச்சுக்கறதில்லை. இந்தப் பக்கம் என்ன இருக்கு, அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு மட்டும்தான் பார்க்கும். பழைய பேர் அங்க மட்டும் இருக்கா, அழி. புது பேர் இங்க மட்டும் இருக்கா, ஏத்து. "பேர் மாறிடுச்சு"ங்கற சேதி அதுக்கு எங்கேர்ந்தும் வராது, நாமதான் கண்டுபிடிக்கச் சொல்லணும்.

```
rclone sync ~/padam drive:padam --track-renames --dry-run
```

இப்படிச் சொன்னா, அங்க மட்டும் இருக்கற கோப்புகளையும் இங்க மட்டும் இருக்கற கோப்புகளையும் தனித்தனியா எடுத்து வெச்சுக்கிட்டு ஜோடி சேர்க்குது. முதல்ல சைஸ். சைஸ் பொருந்தினா ஹாஷ், அதாவது உள்ளடக்கத்தோட கைரேகை. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஏத்தாம, சர்வர்லயே பேரை மாத்திடுது. கூகிள் டிரைவ் மாதிரி இடத்துல எம்டி5 ஹாஷை அவங்களே வெச்சிருக்காங்க, இறக்கிப் பார்க்க வேண்டாம். நம்ம பக்கம்தான் டிஸ்க்லேர்ந்து படிச்சுக் கணக்குப் போடணும். 18 ஜிபியைப் படிக்க சில நிமிஷம். எட்டு மணி நேரத்துக்கு அது எவ்வளவோ தேவலை. `--dry-run` போட்டா நிஜமா எதுவும் செய்யாம என்ன செய்யப் போறேன்னு மட்டும் சொல்லும். நகர்த்தறேன்னு சொன்னா சரி, காப்பி பண்றேன்னு சொன்னா ஜோடி சிக்கலைன்னு அர்த்தம். பெரும்பாலும் நாமதான் பேரை மாத்தின கையோட படத்தையும் திருப்பி சேவ் பண்ணியிருப்போம். ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் வேற. அதனால முதல்ல பேரை மாத்தி சிங்க் பண்ணுங்க, எடிட் வேலையெல்லாம் அப்புறம்.

இதுவரைக்கும் சுகம். என் பிரச்னை இதுக்கப்புறம்தான்.

நம்மள்ல பல பேர் `crypt` போட்டு, பூட்டித்தான் அனுப்பறோம். பூட்டின கோப்போட ஹாஷும் வீட்ல இருக்கற கோப்போட ஹாஷும் ஒத்துப்போகாது. அதனால ஹாஷ் வழி அங்க செல்லாது. அதுக்கு பதிலா `--track-renames-strategy modtime`னு கொடுக்கலாம். சைஸும் கடைசியா மாத்தின நேரமும் ஒண்ணா இருந்தா அதே கோப்புன்னு எடுத்துக்கும். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஊகம்.

கேமராவுல பட்டனை அழுத்திப் பிடிச்சு ஒரே மூச்சுல அஞ்சு படம் எடுக்கறீங்க. சுருக்காத ரா கோப்பு, சில கேமராவுல எல்லாம் ஒரே சைஸ். பழைய ஃபேட்32 கார்டா இருந்தா நேரத்தை ரெண்டு விநாடிக்கு ஒரு தடவைதான் குறிக்கும். ஆக, அஞ்சுக்கும் சைஸ் ஒண்ணு, நேரம் ஒண்ணு. அதுல நல்ல படம் ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சம் நாலையும் அழிச்சு, ஃபோல்டர் பேரையும் மாத்திட்டு சிங்க் விட்டா? அங்க அஞ்சு பேர் நிக்கறாங்க, இங்க ஒருத்தர். கைக்கு வந்தது எதுவோ அதைப் புதுப் பேருக்கு நகர்த்திட்டு மிச்ச நாலையும் அழிச்சுடும். கண்ணை மூடின படம் பேக்கப்ல, நல்ல படம் குப்பைல!

இதுல கொடுமை, அடுத்த சிங்க்லயும் இது தெரியாது. சைஸ் சரி, நேரம் சரி, எல்லாம் ஒண்ணுதான்னு நகர்ந்துடும். வீட்டு டிஸ்க் போற அன்னிக்குத்தான் தெரியும்.

அதனால என் கட்சி இதுதான்: ஹாஷ் இல்லாத இடத்துல வெறும் நேரத்தை நம்பி ஜோடி சேர்க்காதீங்க. பூட்டி அனுப்பறவங்க கோப்பு பேரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க:

```
--track-renames-strategy modtime,leaf
```

ஃபோல்டர் மட்டும் மாறினா அழகா பிடிச்சுடும். கோப்பு பேரே மாறியிருந்தா பிடிக்காது, மறுபடி ஏத்தும். ஏத்தட்டுமே! எட்டு மணி நேரம் போனா போகுது, படம் போனா எங்க போறது?

ஏற்கெனவே வெறும் `modtime` போட்டு ஓட்டினவங்க ஒரு தடவை `rclone cryptcheck` ஓட்டிடுங்க. அங்க இருக்கற கோப்போட தலைப்பகுதியை மட்டும் எடுத்து, வீட்டுக் கோப்பை அதே மாதிரி பூட்டி, ஹாஷைச் சரிபார்க்கும். எனக்கு மூணு படம் மாறியிருந்துச்சு. நல்லவேளை, டிஸ்க் உயிரோட இருக்கு :)