முதல் பதிலில் இருக்க வேண்டிய தேதி



வெயில் ஏற ஏற, கரண்ட் பில்லைப் பற்றிய கடிதங்களும் நம் இதழுக்குக் கூடுதலாக வரும். காந்திகிராமம், சின்னாளப்பட்டி, அம்பாத்துரை என்று ஊர் மாறினாலும் மனக்குறை ஒன்றுதான். "பில் இவ்வளவு வந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள். அப்புறம் பேச்சே இல்லை." தொகையை விட இந்த மௌனம்தான் மனிதரை அதிகம் வாட்டுகிறது. கடைசி தேதி நெருங்கும்போது கட்டுவதா வேண்டாமா என்றும் தெரியாது, கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களா என்றும் தெரியாது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு மாதத்துக்கு வழக்கமாக 300 யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி அதற்கு 675 ரூபாய். திடீரென ஒரு முறை 600 யூனிட் என்று பில் வருகிறது. இரண்டு மடங்கு யூனிட்டுக்கு இரண்டு மடங்கு பணம், அதாவது 1,350 ரூபாய்தானே என்று தோன்றும். வந்திருப்பதோ 2,750. காரணம், 500 யூனிட்டைத் தாண்டியவுடன் 101-வது யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடுகிறது. இன்று விலை கொஞ்சம் கூடியிருக்கிறது, கணக்குப் போடும் முறை மாறவில்லை. அதனால்தான் அளவில் நேரும் ஒரு பிழை, பணத்தில் அதைவிடப் பெரிய பிழையாக வந்து நிற்கிறது.

இந்த வீட்டுக்காரர் பிரிவு அலுவலகத்தில் புகார் கொடுக்கிறார். அன்றைக்கு யாருக்கும் உண்மை தெரியாது. கணக்கீட்டாளர் எண்ணைத் தப்பாக எழுதியிருக்கலாம். போன முறை கதவு பூட்டியிருந்ததால் அளவு எடுக்காமல் விட்டு, நான்கு மாத யூனிட் ஒரே பில்லில் சேர்ந்திருக்கலாம். மீட்டர் பழுதாகியிருக்கலாம். போர் மோட்டாரின் வயரில் கசிவு இருக்கலாம். மீட்டரும் சரி, எண்ணும் சரி, கரண்ட் உண்மையிலேயே செலவாகியிருக்கலாம்.

இப்படி எதுவும் தெரியாத நேரத்தில் அலுவலகம் என்ன பதில் சொல்ல முடியும்? இதற்கு விதியே வழி சொல்லியிருக்கிறது. மத்திய மின்துறை 2020 டிசம்பரில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் அதைத் திருத்தியபோது, மீட்டர் காட்டும் அளவு தன் உபயோகத்துக்குப் பொருந்தவில்லை என்று நுகர்வோர் புகார் செய்தால், புகார் கிடைத்த ஐந்து நாளுக்குள் கூடுதலாக இன்னொரு மீட்டரைப் பொருத்த வேண்டும் என்று சேர்த்தார்கள். குறைந்தது மூன்று மாதம் அது பழைய மீட்டரோடு சேர்ந்து ஓட வேண்டும். நம் ஊரில் செக் மீட்டர் என்பது இதுதான்.

புகார் கொடுத்தவர் சொல்வது சரி என்றோ தப்பு என்றோ இந்த விதி முன்கூட்டியே முடிவு கட்டவில்லை. ஐந்து நாளில் வேலை தொடங்கும், மூன்று மாதம் அளவு எடுக்கப்படும் என்று மட்டும் உறுதி தருகிறது. முடிவைப் பற்றி வாக்குக் கொடுக்க எந்த அதிகாரியாலும் முடியாது. எந்த நாளுக்குள் என்ன செய்வோம் என்று சொல்ல முடியும். "பில்லைக் குறைத்துவிடுகிறோம்" என்று ஆறுதலுக்குச் சொல்வதும், "மீட்டர்ல தப்பே வராதுங்க" என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவதும் என் பார்வையில் ஒரே தவறுதான். இரண்டுமே சோதிக்காமல் சொன்ன தீர்ப்பு.

எழுத்தில் வர வேண்டிய முதல் பதில் எப்படி இருக்கலாம் என்று நானே எழுதிப் பார்த்தேன்:

"தங்கள் புகார் ஏப்ரல் 10 அன்று கிடைத்தது, பதிவு எண் இது. ஏப்ரல் 15-க்குள் கூடுதல் மீட்டர் பொருத்தப்படும். ஜூலை 15 வரை இரண்டு மீட்டர்களின் அளவும் தங்கள் முன்னிலையில் குறிக்கப்படும். ஜூலை 31-க்குள் முடிவை எழுத்தில் தெரிவிப்போம். அதுவரை கட்ட வேண்டிய தொகை இது. தொடர்புக்கு உதவிப் பொறியாளர்."

அதில் "அதுவரை கட்ட வேண்டிய தொகை" என்ற வரி விட்டுப்போகவே கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு இதை நேராகவே பேசுகிறது. பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க வேண்டுமானால் 15 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். பில்லில் தகராறு இருந்தால், கேட்ட தொகை ஒன்று, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகை இன்னொன்று, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. நம் கணக்கில் உள்ள வீட்டுக்கு அது 2,750 அல்ல, 675. கட்டும்போது "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாப் புகாருக்கும் மூன்று மாதம் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீட்டர் பெட்டியில் செருகி வைத்திருக்கும் வெள்ளை அட்டையை எடுத்து, எழுதியிருக்கும் எண்ணையும் மீட்டரில் இப்போது ஓடும் எண்ணையும் பாருங்கள். இன்று மீட்டர் காட்டுவதை விட அட்டையில் பெரிய எண் இருந்தால் எழுதியதில்தான் பிழை. அதை அன்றே சரிசெய்துவிடலாம். முந்தைய அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் இடையே இரண்டு மாதத்துக்குப் பதில் நான்கு மாதம் ஓடியிருந்தால், யூனிட்டை இரண்டு பில்லாகப் பிரித்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். 2,750 அங்கேயே 1,350 ஆகிவிடும். இவற்றைப் பார்க்காமலேயே "மூன்று மாதம் ஆகும்" என்று தேதி கொடுப்பது நியாயமில்லை.

கசிவு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்தில் `3200 imp/kWh` என்பது போல அச்சடித்திருக்கும். அதாவது 3,200 முறை மினுங்கினால் ஒரு யூனிட். மெயின் சுவிட்சை அப்படியே விட்டு, வீட்டில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, ஃப்ரிட்ஜின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பத்து நிமிடம் நின்று பாருங்கள். விளக்கு தொடர்ந்து மினுங்கினால் கரண்ட் எங்கோ போகிறது. பெரும்பாலும் வயரிங்கில் கசிவு, சில இடங்களில் வேறு யாரோ இழுத்திருக்கும் லைன். இந்தச் சோதனையை வேலை தெரிந்த எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கும்போது செய்வது நல்லது.

செக் மீட்டருக்கும் ஒரு எல்லை உண்டு. அது இனி ஓடப்போவதைத்தான் அளக்கும். போன பில்லின்போது மீட்டர் ஒரே ஒரு முறை எகிறிக் குதித்துவிட்டுப் பிறகு ஒழுங்காக ஓடினால், மூன்று மாத முடிவில் இரண்டு மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டும். "மீட்டர் சரி, பணத்தைக் கட்டுங்கள்" என்று அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். அப்படி நேராதிருக்க, பழைய மீட்டரின் நினைவகத்தில் உள்ள பதிவுகளையும் இறக்கிப் பார்க்க வேண்டும் என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள். மீட்டர் பழுது என்று உறுதியானால், பழுதான காலத்துக்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்துக் கணக்கிட வேண்டும் என்கிறது தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு.

சொன்ன தேதியில் பதில் வரவில்லை என்றால் வட்ட அளவில் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். அங்கும் குறை தீராவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2021-இல் தொடங்கிய மின்னகம் எண்ணில் (94987 94987) பேசிப் பதிவு எண் வாங்கி வைத்திருந்தால், புகார் கொடுத்த நாளுக்கு அது ஆதாரம். மன்றத்தில் முதலில் கேட்பது அந்த நாளைத்தான்.

இந்தக் கோடையில் அப்படிப் புகார் கொடுத்தவர்கள், அலுவலகத்திலிருந்து வந்த முதல் பதிலின் நகலை, பெயரையும் இணைப்பு எண்ணையும் மறைத்து எங்களுக்கு அனுப்புங்கள். அதில் தேதி இருக்கிறதா, அந்தத் தேதியில் வேலை நடந்ததா என்பதை ஆகஸ்ட் இதழில் வரிசையாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்