மூட்டைக்கு 9 ரூபாய்: ஜெயித்தோமா, தோற்றோமா?

பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் ஒரு மனிதன் வாழ்கிறான். அவனுக்குப் பயம் கிடையாது. பழைய ஞாபகம் கிடையாது. பிறர் பேச்சு காதில் ஏறாது. எதை அவன் முன் வைத்தாலும் லாபம் இத்தனை, நஷ்டம் இத்தனை என்று காசு பிசகாமல் கணக்குப் போட்டு, தனக்கு எது மேலோ அதை எடுத்துக்கொள்வான். நூறு ரூபாய் வந்தால் எத்தனை சந்தோஷமோ, நூறு ரூபாய் போனால் அத்தனைதான் வருத்தம். இந்த மகானுபாவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி வைத்துக்கொண்டுதான், "கூலி என்பது இருவர் மனமொப்பிப் பேசிய விலை, நடுவில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று கனவான்கள் கேட்கிறார்கள்.

இந்த மனிதனை நம் மதுரைச் சீமையில் யாராவது பார்த்ததுண்டா? பார்த்ததாக ஒரு செய்தி உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டான் ஏரியலி, யூரி நீஸி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், நீனா மஸார் என்ற நான்கு ஆராய்ச்சியாளர்கள் மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2009-ல் கட்டுரையாக வெளிவந்தது. கிராமத்து ஜனங்கள் 87 பேருக்கு ஆறு விளையாட்டுகள் வைத்தார்கள். பந்தை ஓட்டுவது, எண்களை ஞாபகம் வைத்துச் சொல்வது போன்ற சில்லறை வித்தைகள்தாம். ஆனால் பரிசு சில்லறை அல்ல. ஒரு பிரிவினருக்கு விளையாட்டுக்கு 4 ரூபாய், இன்னொரு பிரிவினருக்கு 40 ரூபாய், மூன்றாம் பிரிவினருக்கு 400 ரூபாய்! ஆறிலும் ஜெயித்தால் 2,400 ரூபாய். அந்தக் கிராமத்து ஆள் ஒருவர் பல மாதம் செலவு செய்யும் தொகை.

ஏரியலி 2010-ல் எழுதிய புத்தகத்தில் இதன் முன்கதையைச் சொல்கிறார். பணத்தை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு, தோற்கத் தோற்கத் திரும்ப வாங்கிக்கொள்வது என்றுதான் முதலில் திட்டம் போட்டிருந்தார்களாம். கையில் வந்தது போகப் போகிறது என்றால் மனிதன் எப்படித் துடிக்கிறான் என்று பார்க்க ஆசை. ஒருவர் பணத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை நடுங்கியது, ஆட்டம் தோற்றது, பணம் போயிற்று. இன்னொருவர் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியே விட்டார்! திட்டம் அத்தோடு கைவிடப்பட்டு, ஆட்டம் முடிந்த பிறகு பணம் என்று மாற்றப்பட்டது.

ஓடினாரே, அவர் ஒருவர்தான் பாடப்புத்தக மனிதன் என்பது என் கட்சி. லாபநஷ்டம் பார்த்தார், நடையைக் கட்டினார். மற்றவர்கள் நம்மைப் போன்றவர்கள். மாற்றிய பிறகும் என்ன நடந்தது? 400 ரூபாய்ப் பிரிவுதான் எல்லாரையும்விட மோசமாக ஆடியது. காசு அதிகமானால் உழைப்பு சிறக்கும் என்ற பாடம் அந்தக் கிராமத்தில் செல்லவில்லை. (ஏரியலியின் வேறொரு கட்டுரை, புள்ளிவிவரம் நம்பத்தகாதது என்று 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. அது இதுவல்ல, என்றாலும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.)

இழப்பு என்றால் மனிதனுக்கு வலி அதிகம். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர் 1979-ல் இதை ஒரு தத்துவமாகவே எழுதினார்கள். வருகிற நூறின் இனிப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கசப்பு, போகிற நூறில் இருக்கிறது என்பது அவர்கள் பின்னால் போட்ட கணக்கு. ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் அது மாறும். ஆனால் எது "வரவு", எது "இழப்பு"? அதை எந்த இடத்திலிருந்து அளக்கிறோம்? விஷயமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அளக்கத் தொடங்கும் அந்தப் புள்ளியை யார் குத்துகிறாரோ, அவர் கையில் பேரம் போய்விடுகிறது. இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஒரு கிட்டங்கியில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மதுரையில் ஒரு மொத்த வியாபாரக் கிட்டங்கி. லாரியிலிருந்து 50 கிலோ மூட்டையை இறக்கி உள்ளே அடுக்க மூட்டைக்கு 8 ரூபாய் கூலி. மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்து புதுப்பேச்சு. சங்கத்தின் சார்பில் நானும் மூன்று சுமைப்பணித் தோழர்களும் போய் உட்கார்ந்தோம். காபி வந்தது. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் வியாபாரி ஆரம்பித்தார்: "இப்போ எட்டு ரூபா. அதிலேருந்து பேசுவோம், தம்பி. வியாபாரம் படுத்துக் கிடக்கு. மூட்டைக்கு நாலணா கூட்டித் தர்றோம்."

"அண்ணாச்சி, நாலணாவெல்லாம் ஆகாது" என்றேன். பேச்சு எட்டே காலிலிருந்து எட்டரைக்கு ஏறியது, முக்காலுக்கு ஏறியது, இரண்டு நாள் இழுத்து 9 ரூபாயில் நின்றது. எட்டே காலை ஒன்பதாக்கிவிட்டோம்! கிட்டங்கி வாசலில் ஜிலேபி கொடுத்தோம். எனக்கு மாலை கூடப் போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த மூன்று வருஷத்தில் விலைவாசி நூற்றுக்குப் பதினெட்டு ஏறியிருந்தது. அப்படியானால் பழைய எட்டு ரூபாய் வாங்கிய அரிசி பருப்பையே மறுபடி வாங்க மூட்டைக்கு 9 ரூபாய் 44 காசு வேண்டும். நாங்கள் ஜெயித்து வந்ததோ 9 ரூபாய். மூட்டைக்கு 44 காசு நஷ்டம். ஒரு தோழர் நாளைக்கு 120 மூட்டை சுமந்தால் 52 ரூபாய் 80 காசு. மாலையைக் கழற்றி வைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது!

விலைவாசி அசையாமல் நின்று, வியாபாரி எட்டு ரூபாயை 7 ரூபாய் 63 காசாகக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவும் சரியாக இதே அளவு நஷ்டம்தான். ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு மூட்டை கூட உள்ளே போயிருக்காது. ஒரே நஷ்டம்: ஒரு வேஷத்தில் வந்தால் வேலைநிறுத்தம், இன்னொரு வேஷத்தில் வந்தால் ஜிலேபி.

இது படிக்காத சுமைக்காரர்களின் அறியாமை என்று எந்த மேதாவியாவது சிரிக்க வேண்டாம். கானமன், நெட்ஸ், தேலர் என்ற மூவர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கனடா நகரவாசிகளிடம் தொலைபேசியில் இதையே கேட்டார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள ஊரில் ஒரு கம்பெனிக்குச் சொற்ப லாபமே வருகிறது. விலைவாசி ஏறாத காலத்தில் அது சம்பளத்தை நூற்றுக்கு ஏழு குறைத்தால் நியாயமா? அநியாயம் என்றார்கள் 62 சதவீதம் பேர். விலைவாசி நூற்றுக்குப் பன்னிரண்டு ஏறும்போது சம்பளத்தை ஐந்து மட்டும் ஏற்றினால்? நியாயம்தான் என்றார்கள் 78 சதவீதம் பேர்! இரண்டிலும் சாப்பாட்டுத் தட்டில் குறைவது ஏறத்தாழ ஒரே அளவு. கண்ணுக்குத் தெரியும் எண் ஏறினால் வரவு, இறங்கினால் இழப்பு. மனம் தட்டைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது.

சம்பளத்தை வெட்டாமல் பஞ்சப்படியை மட்டும் முடக்கி வைப்பார்கள். ஏன் என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு தவறும் அன்று நடந்தது. அது முழுக்க என் தவறு. முதல் எண்ணை அவர் சொல்ல விட்டேன். "எட்டே கால்" என்ற சொல் விழுந்தவுடன், நங்கூரம் போட்ட தோணி போலப் பேச்சு அதைச் சுற்றியே ஆடியது. இதற்கும் ஒரு பிரசித்தமான சோதனை உண்டு. 1974-ல் கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதியது. ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10-ல் அல்லது 65-ல் மட்டும் நிற்கும்படி செய்துவைத்த சக்கரம். பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்பார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் 10-ஐப் பார்த்தவர்கள் சொன்ன நடு மதிப்பு 25. 65-ஐப் பார்த்தவர்கள் சொன்னது 45. ஊரில் தொழில் செய்து பழம் தின்று கொட்டை போட்டவர்களும் தப்பவில்லை. 1987-ல் அமெரிக்காவின் டூசான் நகரத்தில் வீட்டுத் தரகர்களுக்கு ஒரே வீட்டைக் காட்டி, வெவ்வேறு கேட்பு விலை எழுதிய தாளைக் கொடுத்தார்கள். தாளில் விலை கூடியபோது அவர்கள் போட்ட மதிப்பும் கூடியது. கேட்டால், "அந்த விலையை நாங்கள் கவனிக்கவே இல்லை" என்றார்கள்!

அதற்காக வாய்க்கு வந்த எண்ணை முதலில் வீசினால் போதும் என்று நினைக்கக் கூடாது. எங்கள் தோழர் ஒருவர் வேறொரு கிட்டங்கியில் எடுத்த எடுப்பில் "இருபது" என்றார். எதிரே இருந்தவர்கள் சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். ஒரு மாதம் பேச்சே இல்லை. சரக்கின் விலை நன்றாகத் தெரிந்தவனிடம் வெற்று எண் அதிகம் நிற்காது. பூ மார்க்கெட்டில் முப்பது வருஷம் உட்கார்ந்த ஆளிடம் மல்லிகை விலையைக் கூட்டிச் சொல்லி ஏமாற்ற முடியுமா? எண்ணுக்குப் பின்னால் கணக்கு இருக்க வேண்டும்.

அடுத்த மூன்று வருஷம் கழித்துப் பேச்சு வந்தபோது கையில் ஒரு தாளோடு போனோம். தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கு விலை சேகரிக்கும் ஊர்களில் மதுரையும் ஒன்று. அதை எடுத்து வைத்துப் போட்ட கணக்கு. இடையில் விலைவாசி இன்னும் நூற்றுக்குப் பதினைந்து ஏறியிருந்தது. 9 ரூபாயிலிருந்து எண்ணினால் 10 ரூபாய் 35 காசு வரும். ஆனால் சென்ற தடவை விட்ட 44 காசைச் சேர்த்து, 9.44-லிருந்து எண்ணினால் 10 ரூபாய் 86 காசு. தாளின் தலைப்பில் "பழைய கூலி: 10.86" என்று பெரிய எழுத்தில் எழுதினோம். கீழே "கேட்கும் கூலி: 13." காபி வருவதற்கு முன்பே தாளை மேஜையில் வைத்துவிட்டோம்.

"பழைய கூலி ஒம்பதுல்ல தம்பி?" என்றார் வியாபாரி.

"ஒன்பது நீங்கள் கொடுத்த காசு அண்ணாச்சி. இது அன்றைக்கு எட்டு ரூபாய் வாங்கிய அரிசியின் இன்றைய விலை."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொன்னார். பெருக்கல் சரியாக இருந்தது. ஒன்பதே காலில் ஆரம்பிக்கலாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நாங்கள் ஒவ்வொரு தடவையும் 10.86-ஐ விரலால் தொட்டுக் காட்டினோம், அவ்வளவுதான். அதற்குக் கீழே வரும் எதையும் "உயர்வு" என்று எங்கள் ஆட்கள் அன்று பார்க்கவில்லை. வெட்டு என்றே பார்த்தார்கள். அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் நாட்டாமை நாற்காலியைப் பின்னே தள்ளினார். நாலாம் நாள் 11 ரூபாய் 25 காசுக்குக் கையெழுத்து. வருஷந்தோறும் குறியீட்டெண் ஏறும் அளவுக்குக் கூலி தானாக ஏறும் என்று இரண்டாவது ஷரத்தும் ஒப்பந்தத்தில் உண்டு. முந்திய தடவை யாருக்கும் தோன்றாத ஷரத்து.

வெளியே வந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கணக்கை விளக்கினேன். அந்தப் பழைய 44 காசு மூன்று வருஷத்தில் 51 காசாக வளர்ந்த கதையையும் மறைக்காமல் சொன்னேன். கூட்டத்தில் மூத்த நாட்டாமை ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே கேட்டார்:

"அப்போ போன தடவை தின்ன ஜிலேபிக்கு யாரு காசு தோழர் குடுத்தது?"