வகுப்பாசிரியருக்கு ஒரு முதல் மின்னஞ்சல்: கனிவும் காரியமும்

இந்தியப் பள்ளிகளில் வகுப்பாசிரியருக்குப் பெற்றோர் எழுதும் முதல் மின்னஞ்சலுக்கு இரண்டு முன்னோர் உண்டு. ஒன்று, 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும் குடும்பக் கடிதம். மற்றொன்று, 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று தொடங்கி 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடியும் அலுவலக விண்ணப்பம். குடும்பக் கடிதம் கனிவைத் தருகிறது. ஆனால் செய்தியை எப்போது சொல்ல வேண்டும் என்பதற்கு அதில் அவசரம் இல்லை. விண்ணப்பம் பணிவைத் தருகிறது. ஆனால் செய்ய வேண்டிய 'நீட்ஃபுல்' எது என்பதைப் பெறுபவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. இரண்டையும் கலந்து எழுதப்படும் மின்னஞ்சல், மரியாதை நிறைந்ததாகவும் பதில் எழுத இயலாததாகவும் அமைந்துவிடுகிறது. மரியாதைக் குறைவு இங்கே பெரிய சிக்கலன்று. கனிவான தொடக்கத்துக்கும் அதன்பின் வரும் காரியத்துக்கும் தொடர்பின்மையே சிக்கல்.

இதை ஒரு சூழலில் வைத்துப் பார்க்கலாம். சென்னையில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை பயின்ற சிறுவன், தந்தையின் பணிமாற்றத்தால் புனேயில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேர்கிறான் என்று கொள்வோம். தமிழகத்தில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால் அவன் அதுவரை தமிழும் ஆங்கிலமும் மட்டுமே கற்றவன். புதிய வகுப்பில் இந்தி உண்டு. மகாராஷ்டிரத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மராத்தியும் கட்டாயம். இரண்டும் தேவநாகரி எழுத்தில். தமிழில் 'க' என்று ஒரே எழுத்தால் குறிக்கப்படும் இடத்தில் இந்தியில் நான்கு எழுத்துகள் நிற்கின்றன. பாட்டைக் குறிக்கும் இந்திச் சொல்லையும் உணவைக் குறிக்கும் இந்திச் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'கானா'தான். ஆகவே, செவ்வாய்தோறும் நடக்கும் இந்திச் சொல்வதெழுதுதலில் அவன் பத்துக்கு இரண்டு, ஒன்று என்று பெறுகிறான். மதிப்பெண்கள் வகுப்பில் உரக்க வாசிக்கப்படுகின்றன. மூன்று வாரங்களாகச் செவ்வாய்க் காலையில் அவனுக்கு வயிற்றுவலி வருகிறது, புதன்கிழமை வருவதில்லை.

தாய் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி அமையும். தங்கள் பள்ளியின் பெருமை உலகறிந்தது. தங்களைப் போன்ற அர்ப்பணிப்புள்ள ஆசிரியர் கிடைத்தது எங்கள் பேறு. மகன் பள்ளியை மிகவும் விரும்புகிறான். குடும்பம் அண்மையில்தான் இடம்பெயர்ந்தது. வீட்டில் தமிழ் பேசுகிறோம். அவன் சற்றே கூச்ச சுபாவம் உள்ளவன். இவ்வளவுக்கும் பிறகு கடைசிப் பத்தியில், 'மேலும் ஒரு சிறு விஷயம், இந்தியில் அவனுக்குச் சில சிரமங்கள் உள்ளன, தயவுசெய்து ஆவன செய்யவும்'. நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பின் ஆசிரியர் இரண்டு பாடவேளைகளுக்கு இடையில் கைபேசியில் இதைத் திறக்கிறார். முதல் திரையில் பாராட்டு மட்டுமே தெரிகிறது. மனம் மகிழ்ந்து 'நன்றி' என்று பதில் அனுப்புகிறார். அடுத்த செவ்வாயும் மதிப்பெண் வாசிக்கப்படுகிறது. அவர் அலட்சியம் செய்யவில்லை. கடிதம் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் வெளியிட்டு 1987இல் நூலாக்கிய பணிவுக் கோட்பாடு இங்கே பயன்படும். அவர்கள் சான்றாகக் கொண்ட மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று என்பது நம்மில் பலர் மறந்துவிடும் செய்தி. பேசுவோருக்கு இடையிலான தொலைவு, ஒருவர்மீது மற்றவருக்குள்ள அதிகாரம், கேட்கப்படும் செயலின் சுமை ஆகிய மூன்றும் கூடும்போது மனிதர் நேரடியாகக் கேட்பதைத் தவிர்த்துக் குறிப்பால் உணர்த்த முனைவர் என்பது அக்கோட்பாட்டின் சாரம். முதல் மின்னஞ்சலில் தொலைவு மிகுதி. அதிகாரமோ இருபக்கமும் கூரானது: பெற்றோர் கட்டணம் செலுத்துபவர், ஆசிரியர் கையில் குழந்தையின் நாள் இருக்கிறது. எழுதினால் பிள்ளைமீது பாயுமோ என்ற அச்சம் வேறு. இந்நிலையில் 'ஆவன செய்யவும்' என்பது எழுதுபவரைக் காக்கும் குறிப்பு மொழி. கேட்டதாகவும் ஆயிற்று, கேட்கவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குறிப்பு மொழி முகம் பார்த்துப் பேசும்போது பலிக்கும். ஆசிரியர் புருவம் உயர்த்திக் கேட்டால் விளக்கம் சொல்லலாம். மின்னஞ்சலில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே, அங்கே கோரிக்கை வெளிப்படையாக இருந்தாக வேண்டும். அதன் கூர்மையைத் தணிக்கும் பொறுப்பைத் தொடக்கத்தின் கனிவு ஏற்க வேண்டும்.

அதே தாயின் திருத்திய வரைவு ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதன் சாரத்தைத் தமிழில் இவ்வாறு தரலாம். பொருள் வரியில்: '6-பி, வருகை எண் 23: இந்திச் சொல்வதெழுதுதல் பற்றி ஓர் உதவி'. பிறகு:

'வணக்கம் மேம். 6-பி வகுப்பில் ஜூன் மாதம் சேர்ந்த மாணவனின் தாய் எழுதுகிறேன். முதல் வாரத்திலேயே தாங்கள் அவனை நூலகக் குழுவில் சேர்த்தீர்கள். அங்கே கிடைத்த இரண்டு நண்பர்களைப் பற்றி வீட்டில் தினமும் பேசுகிறான். அதற்கு எங்கள் நன்றி.

இப்போது ஒரு விஷயத்தில் தங்கள் உதவி தேவைப்படுகிறது. அவன் தேவநாகரி எழுத்தை ஜூனில்தான் முதன்முதலாகக் கற்கத் தொடங்கினான். மூன்று வாரங்களாகச் செவ்வாய்க்கிழமை காலையில் வயிற்றுவலி என்கிறான். சொல்வதெழுதுதல் மதிப்பெண் வகுப்பில் வாசிக்கப்படுவது கூச்சமாக இருக்கிறது என்று சொல்கிறான். அவன் சொல்வது மட்டுமே எங்களுக்குத் தெரியும். வகுப்பில் தாங்கள் காண்பது வேறாகவும் இருக்கலாம்.

தீபாவளி விடுமுறை வரை அவனுடைய மதிப்பெண்ணைக் குறிப்பேட்டில் மட்டும் எழுதித் தர இயலுமா என்று இந்தி ஆசிரியரிடம் கேட்டுச் சொல்வீர்களா? வீட்டில் நாள்தோறும் இருபது நிமிடம் எழுத்துப் பயிற்சி தருகிறோம். தொலைபேசியில் பேசுவது எளிது என்றால் தங்களுக்கு ஏற்ற நேரத்தைத் தெரிவியுங்கள்.'

இதில் பாராட்டு மூன்றே வாக்கியங்கள். பள்ளியின் பெருமையோ ஆசிரியரின் அர்ப்பணிப்போ அதில் இல்லை. ஆசிரியர் செய்த ஒரு செயலும் அதன் விளைவும் இருக்கின்றன. பொதுப் புகழ்ச்சியை யாரும் யாருக்கும் எழுதலாம். ஆகவே அது அடுத்து வரப்போகும் குறைக்கான முன்னறிவிப்பாகவே படிக்கப்படும். குறிப்பிட்ட நன்றி அவ்வாறு படிக்கப்படுவதில்லை. மேலும், அது கோரிக்கைக்கு அடித்தளமும் ஆகிறது: புதிதாக வந்தவனைக் கவனித்து ஒரு குழுவில் சேர்த்த அதே கவனம் இன்னோர் இடத்தில் தேவைப்படுகிறது என்பதே கடிதத்தின் தருக்கம். அதனால்தான் நன்றிக்கும் கோரிக்கைக்கும் இடையில் 'ஆனால்' வரவில்லை. 'ஆனால்' என்ற சொல் தனக்கு முன் சொன்ன அனைத்தையும் பின்னோக்கிச் சென்று அழித்துவிடும்.

கோரிக்கை ஒன்றே, அது வகுப்பாசிரியரின் கைக்கு எட்டியது. வருகைப் பதிவு, இருக்கை அமைப்பு, பாட ஆசிரியர்களிடம் பேசுதல் ஆகியவை அவரால் இயலும். இந்தியிலிருந்து விலக்கு, தேர்வுமுறை மாற்றம் ஆகியவை இயலா. அவற்றைக் கேட்டால் அவர் கடிதத்தை மேலே அனுப்புவதன்றி வேறு வழியில்லை. தீபாவளி வரை என்ற எல்லை, இது நிலையான சலுகை அன்று என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. 'அவன் சொல்வது மட்டுமே எங்களுக்குத் தெரியும்' என்ற வரி வெறும் பணிவன்று, அது உண்மை. குழந்தையின் கூற்று ஒரு பக்கச் சான்று என்று ஒப்புக்கொள்ளும் பெற்றோரிடம் ஆசிரியர் தற்காப்பில் இறங்கத் தேவையில்லை.

எழுதாமல் விட்டவையும் கருதத்தக்கவை. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 29ஆம் பிரிவு குழந்தையை அச்சத்திலிருந்து விடுவிக்கும் கல்விமுறையை வேண்டுகிறது. தாய் இவற்றை அறிந்திருந்தும் முதல் கடிதத்தில் சுட்டவில்லை. முதல்வருக்கு நகலும் அனுப்பவில்லை. அவற்றுள் எது வந்திருந்தாலும் கடிதம் புகார் ஆகியிருக்கும். பதில் எழுதுபவர் ஆசிரியராக இல்லாமல் நிறுவனமாக இருந்திருப்பார். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் இரண்டு வரி நினைவூட்டல், அதன்பின் ஒருங்கிணைப்பாளர், அதற்கும் பின்னரே சட்டம். இந்த வரிசைக்கு ஓர் எல்லை உண்டு. குழந்தை அடிக்கப்பட்டாலோ அச்சுறுத்தப்பட்டாலோ நன்றியில் தொடங்கும் கடிதம் பொருத்தமற்றது. அங்கே நேராக முதல்வருக்கு எழுதுவதே முறை.

இவ்வளவு பணிவு ஏன், மதிப்பெண்ணை உரக்க வாசிப்பதே தவறுதானே என்று கேட்கலாம். தவறுதான். எனினும் கடிதத்தின் நோக்கம் அடுத்த செவ்வாய். தீர்ப்பு பின்னர் வரலாம். இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. இத்தகைய கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய தாய்க்கே அந்தச் சலுகை கிடைக்கும். கட்டடத் தொழிலுக்குப் புனே வந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் அதே நான்கு எழுத்துகள்தான், அதே வயிற்றுவலிதான். அவன் தாய் பள்ளி வாயிலில் நின்று அரைகுறை இந்தியில் சொல்லும் ஒரே வாக்கியத்தில் கனிவான தொடக்கத்துக்கு இடமிருக்காது. அந்த வாக்கியத்திலும் கோரிக்கை இருக்கிறது. மின்னஞ்சலின் நேர்த்திக்குப் பள்ளி பழகிவிட்டால் அதைக் கேட்கும் செவி மங்கிவிடும். பெற்றோர் செப்பமாக எழுதக் கற்பது நல்லதே. எழுதத் தெரியாதவர் சொன்னதையும் அதே பொருள் வரியோடு குறித்துக்கொள்ளும் பழக்கம் வகுப்பாசிரியரின் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.